‘தாய் மசாஜ்’னா அம்மாக்களுக்கா? ஸ்பா மெனுவைத் தமிழில் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒரு ஸ்பா ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. கையில் இருக்கிற மெனு கார்டில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் ‘தாய் மசாஜ் - 60 நிமிடம்’ என்று இருக்கிறது. பக்கத்து சோபாவில், கைக்குழந்தையோடு மகளைக் கூட்டிவந்த ஓர் அம்மா ரிசப்ஷனிஸ்ட்டிடம் கேட்கிறார். “ஏம்மா, பிள்ளை பெத்தவளுக்குப் பண்ற மசாஜ்தானே இது? உடம்பு நோகாம பண்ணுவீங்கல்ல?”

சிரிப்பு வருதுல்ல? ஆனா, அந்த அம்மா மேல தப்பே இல்லை. தமிழில் ‘தாய்’னா அம்மாதான். மெனுவில் இருப்பதோ தாய்லாந்து மசாஜ். எண்ணெய் கிடையாது. தளர்வான உடை போட்டுக்கொண்டு தரையில் விரித்த மெத்தையில் படுக்க வேண்டும். செய்பவர் கை, கட்டைவிரல், முழங்கை, முழங்கால் என எல்லாவற்றாலும் அழுத்துவார். காலையும் முதுகையும் வளைத்து இழுத்து நீட்டுவார். 2019-ல் யுனெஸ்கோ தன் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கலை அது. ஆனால், சிசேரியன் தையல் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படி வளைத்து இழுப்பது எவ்வளவு ஆபத்து?

‘தாய்லாந்து முறை மசாஜ்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ஒரே ஒரு வார்த்தைதான்!

இப்போது கொடைக்கானல் ரிசார்ட் முதல் உங்க ஏரியா சலூன் வரை எல்லோரும் மெனுவைத் தமிழில் போட ஆரம்பித்துவிட்டார்கள். “நீ நல்லா தமிழ் எழுதுவல்ல, இதை மட்டும் மாத்திக் கொடேன்”னு ஒரு நண்பர் உங்களிடமே அந்தக் கார்டை நீட்டலாம். அப்போது எங்கே எல்லாம் கால் வழுக்கும், எப்படிச் சமாளிப்பது என்று பார்த்துவிடுவோம்.

வார்த்தையை விடுங்க, ரூமுக்குள்ள என்ன நடக்குதுன்னு கேளுங்க

ஸ்பா மெனுவின் ஆங்கிலம், தகவல் சொல்வதற்காக எழுதப்பட்டது இல்லை. ஆசை காட்டுவதற்காக எழுதப்பட்டது. அதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் ஆசையும் வராது, தகவலும் வராது. அதனால் டிக்‌ஷனரியைத் திறப்பதற்கு முன், அந்த மசாஜைச் செய்பவரிடம் போய் நாலு கேள்வி கேளுங்க. என்ன செய்வீங்க? எதை வெச்சு செய்வீங்க? எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம்? யாருக்குச் செய்ய மாட்டீங்க?

உதாரணத்துக்கு, ‘டீப் டிஷ்யூ மசாஜ்’. பல இடங்களில் இதை ‘ஆழ் திசு மசாஜ்’ என்று போட்டிருப்பார்கள். இலக்கணப்படி சரிதான். ஆனால், படிப்பவருக்கு என்ன புரியும்? பயாலஜி கிளாஸ் ஞாபகம்தான் வரும். அதே விஷயத்தை, செய்பவரிடம் கேட்டுவிட்டு எழுதினால் இப்படி வரும்:

‘டீப் டிஷ்யூ மசாஜ்: தோள்பட்டை, முதுகு போன்ற இடங்களில் இறுகிப்போன தசைகளுக்கானது. எண்ணெய் தடவி, விரல்களாலும் முழங்கையாலும் மெதுவாக, ஆனால் பலமாக அழுத்துவோம். சில இடங்களில் வலி தெரியும். தாங்க முடியாவிட்டால் உடனே சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்போம். மறுநாள் லேசான உடம்புவலி இருக்கலாம்.’

பெயரை மட்டும் அப்படியே விட்டிருக்கோம், கவனிச்சீங்களா? காரணம், போனில் புக் பண்ணும்போது எல்லோரும் சொல்லப்போவது அந்தப் பெயரைத்தான். பெயரை மாற்றினால் ரிசப்ஷனிஸ்ட்டுக்கும் புரியாது, கஸ்டமருக்கும் புரியாது. பெயர் பெயராகவே இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

கேரளத்துப் பெயர்கள் சுத்தி வந்தா...

ஆயுர்வேத மெனு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. மலையாளப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வரும்போது முகமே மாறிவிடும். ‘பிழிச்சில்’ என்ற பெயரை எடுத்துக்கோங்க. ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு இசட், ஹெச் போடுவார்கள். அதைப் பார்த்துத் தமிழில் எழுதுபவர் ‘பிசிச்சில்’ என்று போட்டுவிட்டால் கதை முடிந்தது. ‘பிழிச்சில்’ என்றே எழுதியிருந்தால், தமிழ் படிக்கும் யாருக்கும் ‘பிழிதல்’ ஞாபகம் வந்திருக்கும். உண்மையிலும் அதுதான் நடக்கிறது. வெதுவெதுப்பான மூலிகை எண்ணெயில் துணியை முக்கி, உடம்பின் மேல் பிழிந்துவிட்டுக்கொண்டே தேய்ப்பார்கள். மலையாளமும் தமிழும் பக்கத்து வீடு. நடுவில் எதுக்கு லண்டன் வழியா சுத்தி வரணும்?

‘இலக்கிழி’ விஷயம் இதற்கு நேரெதிர். எழுத்தைச் சரியாகப் போட்டாலும் நமக்குத் தப்பாகப் புரியும். ‘கிழி’ என்றால் மலையாளத்தில் துணி முடிச்சு. நாமும் ‘பொற்கிழி’ என்று சொல்வோமே, அதே கிழிதான். ஆனால், இன்றைய பேச்சுத் தமிழில் ‘கிழி’ என்றால் பேப்பரைக் கிழிப்பதுதான். ‘இலையை ஏன் கிழிக்கிறாங்க?’ என்று ஒருவர் நினைத்தால் ஆச்சர்யப்பட முடியாது.

இங்கே நம்மிடமே அருமையான வார்த்தை ஒன்று இருக்கிறது: ஒத்தடம். சுளுக்கு விழுந்தால் பாட்டி கொடுத்த அதே ஒத்தடம். ‘இலக்கிழி: வதக்கிய மூலிகை இலைகளைத் துணியில் முடிந்து, சூடுபடுத்தி உடம்பெங்கும் ஒத்தடம் கொடுப்போம்’ என்று எழுதினால் போதும். ‘ஞவரக்கிழி’ என்றால் இலைக்குப் பதிலாக, பாலிலும் மூலிகைக் கஷாயத்திலும் வேகவைத்த ஞவரை அரிசி அந்த முடிச்சுக்குள் இருக்கும். ‘ஒத்தடம்’ என்ற ஒரு வார்த்தை, சூடு உண்டு, துணி முடிச்சு உண்டு என்று இரண்டு தகவல்களை ஒரே நேரத்தில் சொல்லிவிடுகிறது.

‘சிகிச்சை’ன்னு போட்டா என்ன ஆகும்?

இதுவரை பார்த்தது குழப்பம். இனி பார்க்கப்போவது கொஞ்சம் சீரியஸானது.

ஸ்பா ஆங்கிலத்தில் ‘ட்ரீட்மென்ட்’ என்றால் பெரும்பாலும் ‘ஒரு சர்வீஸ்’ என்றுதான் அர்த்தம். ஃபேஷியலும் ட்ரீட்மென்ட், கால் தேய்ப்பதும் ட்ரீட்மென்ட். ஆனால், தமிழில் அதை ‘சிகிச்சை’ என்று எழுதியதும் அர்த்தம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது. சிகிச்சை என்றால் நோய் இருக்கிறது, குணமாகும் என்று பொருள். கூடவே ‘தெரபிஸ்ட்’டை ‘சிகிச்சையாளர்’ ஆக்கினால், மசாஜ் செய்பவர் அரை டாக்டராகிவிடுகிறார். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாக்குறுதியைத் தமிழில் நீங்க கொடுத்துட்டீங்க!

முட்டிவலியோடு இருக்கும் ஒரு பெரியவர் ‘முதுகு மற்றும் மூட்டுச் சிகிச்சை’ என்ற வரியைப் படித்துவிட்டு, டாக்டரைப் பார்ப்பதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? நஷ்டம் அவருக்குத்தான். அதனால் மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் ஆயுர்வேத, சித்த மையங்களைத் தவிர மற்ற இடங்களில் ‘சிகிச்சை’யை விட்டுவிடுங்க. மசாஜ் என்றால் மசாஜ், ஃபேஷியல் என்றால் ஃபேஷியல், பொதுவாகச் சொல்ல ‘சர்வீஸ்’ அல்லது ‘சேவை’. ‘தெரபிஸ்ட்’ என்பதை அப்படியே விடலாம், அல்லது ‘மசாஜ் செய்பவர்’ போதும்.

‘டீடாக்ஸ்’ என்ற வார்த்தையும் இதே ரகம்தான். ஆங்கிலத்தில் அது தேய்ந்துபோன ஃபேஷன் வார்த்தை. தமிழில் ‘நச்சு நீக்கம்’ என்றதும், உடம்பில் விஷம் இருந்ததாகவும் அதை இவர்கள் எடுத்துவிட்டதாகவும் ஆகிறது. உடம்பில் சேரும் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. உப்பு ஸ்க்ரப் செய்வது தோலின் மேலிருக்கும் உலர்ந்த செல்களை நீக்குவது மட்டும்தான். அதையே எழுதலாமே!

சட்டமும் சும்மா இல்லை. சர்க்கரைநோய், ரத்த அழுத்தம், உடல்பருமன், பக்கவாதம் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. மூலிகை எண்ணெய், லேகியம் என்று சேர்த்து விற்கும் இடங்கள் இதில் ரொம்ப கவனமாக இருக்கணும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ‘இங்கிலீஷ்ல அப்படி இல்லைங்க, தமிழ்லதான் அப்படி வந்துடுச்சு’ என்று சொல்லித் தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க. கஸ்டமர் படித்தது தமிழைத்தான்.

ராத்திரி 11 மணிக்கு ஏன் போன் வருது?

மசாஜ் சென்டர் என்றாலே நம்ம ஊரில் சிலர் ஒரு மாதிரி பார்ப்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுவது போல மெனுவும் இருந்தால், தப்பான கேள்விகளோடு வரும் போன்களை எடுக்க வேண்டியது அங்கே வேலை செய்யும் பெண்கள்தான். அதனால் இரட்டை அர்த்தம் என்பது வெறும் மீம் மேட்டர் இல்லை.

‘இன்விகரேட்டிங்’ என்ற வார்த்தைக்கு ‘கிளர்ச்சியூட்டும்’ என்று போட்டால், வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். ‘புத்துணர்ச்சி தரும்’ என்று போடுங்க. ‘கப்பிள் மசாஜ்’ என்பதைத் ‘தம்பதி மசாஜ்’ என்று எழுதினால், கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் செய்துவிடுவது போலக்கூட ஒருவர் புரிந்துகொள்ளலாம். உண்மையில் நடப்பது, ஒரே அறையில் இரண்டு பேருக்கு, இரண்டு தெரபிஸ்ட்டுகள் ஒரே நேரத்தில் மசாஜ் செய்வது. அதையே எழுதிவிட்டால் அம்மாவும் மகளும், இரண்டு ஃப்ரெண்ட்ஸும்கூட புக் செய்யலாம் என்பதும் புரிந்துவிடும்.

உடை விஷயத்தில் கூச்சப்பட்டு மழுப்பவே கூடாது. ‘உங்கள் வசதிக்கேற்ப ஆடைகளைக் களையலாம்’ என்ற வரி, முதல் தடவை வரும் பெண்ணைப் பயமுறுத்தும். தப்பான எண்ணத்தோடு வருபவருக்கோ வாசலைத் திறந்துவிடும். நேராகச் சொல்லுங்க. ‘ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உள்ளாடை தருவோம். உடல் முழுவதும் துண்டால் போர்த்தப்பட்டிருக்கும். மசாஜ் செய்யும் பகுதி மட்டும் திறந்திருக்கும். பெண்களுக்குப் பெண்களே செய்வார்கள்.’ கடைசி வரி அந்த ஸ்பாவில் உண்மையாக இருந்தால் மட்டும் போடணும், ஓகேவா?

ஒரு மெனு வரியை முழுசா மாத்திப் பார்ப்போமா?

இப்போ நீங்களும் நானும் சேர்ந்து ஒரு சர்வீஸை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மெனுக்களில் அடிக்கடி பார்க்கும் பாணியில் நானே எழுதிய மாதிரி இது: ‘சிக்னேச்சர் டீடாக்ஸ் ரிச்சுவல், 90 மினிட்ஸ்’. கீழே இன்விகரேட்டிங் ஸ்க்ரப், டீப் டிஷ்யூ மசாஜ், சீவீட் ராப் என்று வரிசை. கடைசியில் டாக்ஸினும் இன்ச்சும் உருகிப்போகும் என்று ஒரு பஞ்ச்.

வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் வருவது இதுதான்: ‘கையெழுத்து நச்சு நீக்கச் சடங்கு. 90 நிமிடங்கள். கிளர்ச்சியூட்டும் கடல் உப்பு உரசல், ஆழ் திசு மசாஜ், கடல்பாசிச் சுற்றல். நச்சுகளும் அங்குலங்களும் உருகிவிடும்.’

‘சிக்னேச்சர்’ என்றால் இங்கே கையெழுத்து இல்லை. அந்த ஸ்பாவின் ஸ்பெஷல். ‘சடங்கு’ என்றால் நம்ம ஊரில் மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகைதான் ஞாபகம் வரும்!

சரி, தெரபிஸ்ட்டிடம் போய் நம்ம நாலு கேள்வியைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லும் கணக்கு: உப்பு ஸ்க்ரப் 20 நிமிடம், கழுவிக்கொள்ள 10 நிமிடம், மசாஜ் 30 நிமிடம், கடல்பாசிப் பூச்சு போட்டுப் போர்த்திப் படுக்கவைப்பது 20 நிமிடம், குளித்து உடை மாற்ற 10 நிமிடம். ஆக மொத்தம் 90. பார்த்தீங்களா? மெனுவைப் படிப்பவர் 90 நிமிட மசாஜ் என்று நினைப்பார். ஆனால், மசாஜ் வெறும் அரை மணி நேரம்தான். எந்த டிக்‌ஷனரியும் இதைச் சொல்லியிருக்காது.

அடுத்து அந்த ‘இன்ச்’ வரி. உடம்பைச் சூடாகப் போர்த்திவைத்தால் வியர்க்கும். வியர்வையில் தண்ணீர்தான் போகிறது, கொழுப்பு இல்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் குறைந்த எடை திரும்பி வந்துவிடும். எனவே அந்த வரி தமிழில் வரக் கூடாது.

ஆனால், இங்கே ஒரு விஷயம். நீங்களே சத்தமில்லாமல் அந்த வரியைத் தூக்கிவிடாதீங்க. ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் வேறொன்றும் இருந்தால் நாளைக்குக் கேள்வி உங்களிடம்தான் வரும். ‘இந்த வரி தவறான வாக்குறுதி ஆகலாம், இரண்டு மொழியிலும் எடுத்துவிடலாமா?’ என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் அனுப்புங்க. முடிவு அவருடையது, எச்சரித்ததற்கான ஆதாரம் உங்களுடையது.

ஓனர் சம்மதித்துவிட்டால், கடைசியில் மெனுவில் போகவேண்டியது இதுதான்:

‘எங்கள் ஸ்பெஷல் பேக்கேஜ் - மொத்தம் 90 நிமிடம். முதலில் கடல் உப்பால் உடம்பை மென்மையாகத் தேய்த்து, தோலின் மேலிருக்கும் உலர்ந்த செல்களை நீக்குவோம் (20 நிமிடம்). பிறகு எண்ணெய் தடவி, அழுத்தமான டீப் டிஷ்யூ மசாஜ் (30 நிமிடம்). கடைசியாக, கடல்பாசிக் கலவையைப் பூசி, கதகதப்பாகப் போர்த்திவிடுவோம் (20 நிமிடம்). மீதி நேரம் குளிக்கவும் உடை மாற்றவும். முடிந்ததும் சருமம் மிருதுவாக இருக்கும். முந்தைய நாள் ஷேவிங், வாக்ஸிங் செய்திருந்தால் உப்பு எரியும். வேறு நாளில் வாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தைராய்டு பிரச்னை, ரத்த அழுத்தம், சமீபத்தில் ஆபரேஷன் இருந்தாலோ புக் செய்யும்போதே சொல்லுங்கள்.’

ஆங்கிலத்தைவிட நீளம்தான். ஆனால், இதைப் படித்துவிட்டு வருபவர் அறைக்குள் போய் ‘இது நான் கேட்டது இல்லையே’ என்று சொல்ல மாட்டார்.

எச்சரிக்கை வரியை மட்டும் அழகாக எழுதாதீங்க

மேலே கடைசி வரியில் தைராய்டு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கலாம். கடல்பாசியில் அயோடின் உண்டு, அதனால்தான். இப்படி ஒவ்வொரு சர்வீஸுக்கும் ‘யாருக்கு வேண்டாம்’ என்ற பட்டியல் உண்டு. ஆங்கில மெனுவில் அதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தமிழாக்குபவர்கள் அதற்கு ‘பின்வரும் நிலைகளில் பரிந்துரைக்கப்படுவதில்லை’ என்று கவர்ன்மென்ட் சுற்றறிக்கை மாதிரி எழுதிவிடுவார்கள். யாரும் படிக்கப்போவதில்லை.

ஹாட் ஸ்டோன் மசாஜில் சூடுபடுத்திய வழவழப்பான கருங்கற்களை முதுகில் வைப்பார்கள். நீண்டகாலம் சர்க்கரைநோய் இருக்கும் சிலருக்குப் பாதத்திலும் காலிலும் உணர்ச்சி குறைந்திருக்கும். கல் அதிகம் சூடாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது, தோல் வெந்துவிடும். அதேபோல காலில் ரத்தக்கட்டி இருப்பவருக்கு அழுத்தி மசாஜ் செய்தால், கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லும் வரி, பேசுவது போல இருக்கணும்: ‘சர்க்கரைநோய் இருக்கிறதா? கால் மரத்துப்போகிறதா? இந்த மசாஜ் வேண்டாம்.’ அந்த சர்வீஸின் பெயருக்குக் கீழேயே போடுங்க.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு டெஸ்ட்

எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஆங்கில மெனுவைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுங்க. ஸ்பா பக்கமே போகாத உங்க அத்தையோ, பக்கத்து வீட்டு அண்ணனோ இருந்தால் இன்னும் நல்லது. அவர் ஒருமுறை படித்ததும் போனை வாங்கிவிட்டு மூணே கேள்வி கேளுங்க. உள்ளே போனா என்ன பண்ணுவாங்க? என்ன டிரெஸ்ல இருக்கணும்? வலிக்குமா?

பதில் சரியாக வந்தால் மெனு ரெடி. தப்பாக வந்தால் அத்தைக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீங்க. எந்த வரியைப் படித்து அவங்க அப்படிப் புரிந்துகொண்டாங்க என்று மட்டும் கேளுங்க. அந்த வரியைத் திருத்திட்டு, இன்னொரு ஆளிடம் கொடுத்துப் பாருங்க. மெனு தொங்கப்போகும் ரிசப்ஷனில், விளக்கம் சொல்ல நீங்க பக்கத்தில் இருக்கப்போவதில்லையே!